மின்னழுத்தம் எகிறி இயந்திரங்கள் கருகினால்: அறிகுறி பார்த்துக் காரணம் காண்பதும் அறிக்கை எழுதுவதும்

பினாங்கு பெருநிலத்தில், பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் தொழிற்பேட்டையில் எங்கள் உதிரிபாகப் பட்டறை இருக்கிறது. நவம்பர் மாதத்து மதியம் ஒன்றில் அங்கே பல கருவிகள் ஒரே நேரத்தில் கருகின. அந்தச் சேதத்துக்காக மின் வாரியத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் நான் அளித்த அறிக்கையை அடிப்படையாக வைத்து, அதே நிலையில் இருக்கும் வேறு பட்டறைக்காரர்களுக்குப் பயன்படும் வகையில் இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன்.

இத்தகைய அறிக்கைகள் பெரும்பாலும் "திடீரென மின்னழுத்தம் கூடியதால் இயந்திரங்கள் பழுதாகிவிட்டன" என்ற ஒரே வாக்கியத்தில் நின்றுவிடுகின்றன. அந்த வாக்கியத்தை வாரியம் படித்தால், மழைக்காலத்து மின்னலாக இருக்கும், இயற்கைக் காரணத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று பதில் எழுதும். காப்புறுதி நிறுவனம் படித்தால், உங்கள் சொந்த வயரிங்கில் ஏற்பட்ட கோளாறாக இருக்கும் என்று கோப்பை ஒதுக்கி வைக்கும். இரு தரப்பையும் அசைய வைப்பது எது கருகியது, எது கருகவில்லை, ஒவ்வொன்றும் எந்த ஃபேஸில் இருந்தது என்ற விவரம்தான். பிழைத்த கருவிகளின் பட்டியலைப் பலரும் எழுதுவதே இல்லை. என் அனுபவத்தில் அதிகம் பேசியது அந்தப் பட்டியல்தான்.

எதையும் தொடுவதற்கு முன்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எந்த பிரேக்கரையும் மீண்டும் மேலே தூக்குவதற்கு முன்னர் டிபி பெட்டியைத் திறந்தபடி படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எம்சிபி விழுந்திருக்கிறது, ஆர்சிசிபி விழுந்திருக்கிறதா, சர்ஜ் அரெஸ்டர் இருந்தால் அதன் சிறு சாளரம் பச்சையா சிவப்பா என்பவை அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பழுது பார்க்க வருபவர் கழற்றும் போர்டுகளைக் குப்பையில் போட விடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனி உறையில் இட்டு, எந்த இயந்திரத்திலிருந்து எடுத்தது, அந்த இயந்திரத்தின் வரிசை எண் என்ன என்று எழுதி வையுங்கள். உற்பத்தி நிற்கிறதே என்ற அவசரத்தில், காப்புறுதி மதிப்பீட்டாளர் வருவதற்குள் புதிய போர்டைப் பொருத்த நேர்ந்தால் அது குற்றமில்லை; ஆனால் பழைய போர்டு கையில் இருக்க வேண்டும், அதை மாற்றுவதாக முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவித்திருக்க வேண்டும்.

அறிகுறி 1: சில விளக்குகள் பளிச்சென்று கூடின, சில மங்கின, ஒரு ஃபேஸில் இருந்தவை மட்டும் கருகின

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். தொழிற்பேட்டைகளில் அடிக்கடி நேர்வதும் பெரும்பாலும் தவறாகப் பெயரிடப்படுவதும் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மலேசியாவில் மூன்று ஃபேஸ் இணைப்பில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்க வேண்டும். இதில் கூடுதலாக 10 சதவீதமும் குறைவாக 6 சதவீதமும் அனுமதி உண்டு என்பதால், ஒரு ஃபேஸ் 216 வோல்ட்டுக்கும் 253 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும் வரை அது வழமையான விநியோகமே. மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தாலோ, அதன் இணைப்பு எரிந்து தளர்ந்தாலோ, மின்சாரம் நின்றுவிடுவதில்லை. ஒரு ஃபேஸில் உள்ள கருவிகள் மற்ற ஃபேஸ்களில் உள்ள கருவிகளின் வழியாகவே சுற்றை முடித்துக்கொள்கின்றன. அப்போது எந்த ஃபேஸில் பளு குறைவோ அதன் மீது அழுத்தம் ஏறும். பளு அதிகமான ஃபேஸ்களில் அழுத்தம் இறங்கும். ஒரே கயிற்றைப் பலர் பிடித்திருக்கையில் முளை பிடுங்கிக்கொண்டால், பலம் குறைந்தவன் பக்கம் இழுபடுவது போலத்தான் இதுவும்.

எண்ணில் சொன்னால் எளிதாக விளங்கும். சிவப்பு, மஞ்சள் ஆகிய இரு ஃபேஸ்களில் தலா 5.3 கிலோவாட் பளுவும், நீலத்தில் 1.3 கிலோவாட் பளுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரல் அறுந்தால், நீல ஃபேஸ் ஏறத்தாழ 307 வோல்ட்டுக்கு உயரும், மற்ற இரண்டும் 203 வோல்ட் அளவுக்கு இறங்கும். இது சூடேற்றி போன்ற எளிய பளுவை வைத்துப் போட்ட கணக்கு. மோட்டார்களும் மின்னணுக் கருவிகளும் கலந்திருந்தால் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. ஒரே ஒரு ஃபேஸில் மட்டும் பெரும் பளு இருந்தால், மற்ற இரு ஃபேஸ்களும் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும்.

எங்கள் பட்டறையில் இது எப்படித் தெரிந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கண்காணிப்புக் கேமராவின் பதிவில், கிழக்குச் சுவர் ஓரத்து விளக்குகள் 3:12 மணிக்குத் திடீரென வெளிறும் அளவுக்குப் பிரகாசமாகின்றன. அதே நொடியில் மேற்குப் பக்க விளக்குகள் மங்குகின்றன. பிறகு கிழக்குப் பக்க விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைகின்றன. 3:19 மணிக்கு மெயின் அணைக்கப்படும் வரை மேற்குப் பக்கம் மங்கலாகவே எரிகிறது. மின்னல் தாக்கம் நொடியின் மிகச் சிறு பங்கில் முடிந்துவிடும். நிமிடக் கணக்கில் நீடிக்காது. ஆகவே அந்தப் பதிவு ஒன்றே மின்னல் என்ற விளக்கத்தைப் பெருமளவு நீக்கிவிடுகிறது. கேமராப் பதிவுப் பெட்டி சிவப்பு ஃபேஸில் இருந்ததால்தான் அது பிழைத்துக்கொண்டு இந்தச் சாட்சியைத் தந்தது. அதன் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும், கைப்பேசியின் நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாரியத்தின் பழுதுப் பதிவு நேரத்தோடு அது பொருந்தவில்லை என்று எதிர்க்கேள்வி வரும்.

அடுத்து கருவிகள். எங்களிடம் ஒரே நிறுவனத்தின், ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு லேத்துகள் இருக்கின்றன. இரண்டிலும் நகர்வை எண்ணில் காட்டும் ஒரே வகை அளவுத்திரை பொருத்தப்பட்டிருக்கிறது. சிவப்பு ஃபேஸில் இருந்த திரை வேலை செய்தது, நீலத்தில் இருந்த திரை செத்துப்போனது. இரு லேத்துகளின் முக்கிய மோட்டார்களும், நியூட்ரல் இல்லாமல் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே இயங்குபவை ஆதலால், ஒரு சேதமும் இல்லாமல் தப்பின. கம்ப்ரசர் மோட்டார் நன்றாக இருந்தது. அதை இயக்கும் கான்டாக்டரின் 230 வோல்ட் சுருள் மட்டும் கறுத்து, பிளாஸ்டிக் உருகிப் பிசுபிசுத்தது. சிஎன்சி மில்லிங் இயந்திரத்தில் சுழல்தண்டு டிரைவ் பிழைத்தது. கட்டுப்பாட்டுக்கு 24 வோல்ட் தரும் பவர் சப்ளை, நீல ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைக்கப்பட்டிருந்ததால், எரிந்துவிட்டது. டிக் வெல்டிங் இன்வர்ட்டரும் அலுவலகக் குளிர்சாதனத்தின் போர்டும் அதே ஃபேஸில் இருந்தவை, அவையும் போயின.

அந்த 24 வோல்ட் பவர் சப்ளையைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கதை முழுவதும் அதில் இருக்கிறது. நுழைவிடத்துச் சிறு ஃபியூஸ் வெடித்துக் கண்ணாடி உள்ளே கருமை படிந்திருந்தது. அதன் அருகில் வில்லை வடிவில் நின்று மிகை அழுத்தத்தைத் தடுக்கும் வேரிஸ்டர் ஒரு பக்கம் பிளந்து, போர்டின் பச்சை நிறம் அதைச் சுற்றி வட்டமாகப் பழுத்து மாறியிருந்தது. பெரிய கெப்பாசிட்டரின் தலையில் குறுக்காகக் கீறியிருக்கும் கோடு மேலே உப்பித் திறந்து, பழுப்புக் கசிவு அடியில் காய்ந்திருந்தது. 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னாக மாற்றப்படும்போது அந்தக் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். அதற்கு 400 வோல்ட் தாங்குதிறன் போதும். விநியோகம் 306 வோல்ட்டானால் அதில் ஏறத்தாழ 433 வோல்ட் நிற்கும். வேரிஸ்டரோ தொடர்ந்து 275 வோல்ட் வரை தாங்கும் வகையைச் சேர்ந்தது. இவ்வாறு மெதுவாக வெந்து சாவது, நீடித்த அழுத்த உயர்வின் தடயம்.

காப்புறுதி மதிப்பீட்டாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார், இவ்வளவு நடந்தும் ஏன் பிரேக்கர் ஒன்றும் விழவில்லை? உங்கள் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்யவில்லையா?" என்பதுதான். நியாயமான கேள்வி, அறிக்கையிலேயே இதற்குப் பதில் இருக்க வேண்டும். எம்சிபி பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை. ஆர்சிசிபி பார்ப்பது மின்சாரம் நிலத்துக்குக் கசிகிறதா என்பதை. அழுத்தம் உயர்ந்திருக்கிறதா என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது தனியாகப் பொருத்தப்படும் அழுத்தக் கண்காணிப்பு ரிலே மட்டுமே; சாதாரண டிபி பெட்டியில் அது இருக்காது. ஆகவே பிரேக்கர் விழாமல் இருந்தது அவற்றின் பழுதைக் காட்டவில்லை. மின்னோட்டமோ கசிவோ எல்லை மீறவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது.

நியூட்ரல் அறுந்தது உள்ளேயா, வெளியேயா

பணம் யாரிடமிருந்து வரும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இது. மீட்டர் வரை வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின் உள்ளது உங்களுடையது. இந்த அளவீட்டைச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் மட்டுமே எடுக்க வேண்டும், ஏனெனில் அது மின்சாரம் இருக்கும் நிலையிலேயே எடுக்கப்படுவது. அறிக்கையில் இடம்பெற வேண்டியதும் அவருடைய கையொப்பமும் சான்றிதழ் எண்ணும்தான்.

மெயின் சுவிட்சை அணைத்த நிலையில், அதன் நுழைவுப் பக்கத்தில் ஆறு அளவுகள் எடுக்க வேண்டும்: ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று, ஃபேஸுக்கு நியூட்ரல் மூன்று. எங்கள் வயர்மேன் எடுத்தபோது, ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்றும் 400 வோல்ட்டை ஒட்டி வழக்கம்போல் இருந்தன. நியூட்ரலுக்கு எடுத்தபோதோ சிவப்பு 199, மஞ்சள் 209, நீலம் 306 என்று வந்தது. ஃபேஸ்களுக்கு இடையே சரியாகவும் நியூட்ரலுக்குக் கோணலாகவும் வருவது நியூட்ரல் தளர்ந்ததற்கான கைரேகை. எங்கள் பளு முழுவதும் துண்டிக்கப்பட்ட பிறகும் அந்தக் கோணல் நீடித்ததால், கோளாறு எங்கள் டிபி பெட்டிக்குள் இல்லை, அதே கம்பத்திலிருந்து மின்சாரம் பெறும் மற்ற கடைகளின் பளுவே நியூட்ரலை இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது உறுதியானது. மெயினை அணைத்ததும் மூன்றும் 230-ஐ ஒட்டித் திரும்பியிருந்தால், குறை எங்கள் பக்கத்தில், பெரும்பாலும் டிபி பெட்டியின் நியூட்ரல் கட்டையில் தளர்ந்த திருகில் இருந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அறுந்தது உங்கள் பட்டறைக்கு மட்டும் வரும் கேபிளின் நியூட்ரலாக இருந்து, உங்கள் மெயினும் அணைந்திருந்தால், அந்த நியூட்ரல் எதனுடனும் சேராமல் மிதக்கும். அப்போது சாதாரண டிஜிட்டல் மீட்டர் எந்த எண்ணையும் காட்டும். பார்ப்பதற்கு நிஜம் போலவே இருக்கும். எனவே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு சோதனை விளக்கையோ, குறைந்த மின்தடை கொண்ட சோதனைக் கருவியையோ சிறிது நேரம் இணைத்து அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். வயர்மேன் அவ்வாறு அளந்தாரா என்பதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அண்டை வீட்டாரின் சாட்சியமும் இதே கேள்விக்கு விடை தருகிறது. எங்கள் வரிசையில் பேக்கரி நடத்தும் அண்ணன் வந்து, "தம்பி, என் ஃப்ரீசரும் சீல் போடுற மெஷினும் போச்சு, உங்ககிட்டேயுமா?" என்று கேட்டபோதே விஷயம் பாதி தெளிந்துவிட்டது. அவரிடமும் மற்றொரு கடைக்காரரிடமும் நேரம், மீட்டர் எண், பழுதான பொருள் ஆகியவை அடங்கிய அரைப் பக்கக் கடிதம் வாங்கி இணைத்தோம். சாலைக்கு எதிர்ப்புறத்துக் கடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை வேறு கம்பத்திலிருந்து மின்சாரம் பெறுபவை. அதையும் எழுதினோம்.

வாரியத்தின் பழுது நீக்கும் குழு வரும்போது, அவர்கள் எதை மாற்றுகிறார்கள் என்பதைத் தள்ளி நின்று படமெடுங்கள். பணிக்கான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கம்பத்தில் அவர்கள் மாற்றியது நியூட்ரல் இணைப்பான். கழற்றிய பழையது ஒரு பக்கம் உருகி வெண்சாம்பல் பூத்திருந்தது படத்தில் தெரிகிறது. அந்தப் பொருள் அவர்களுக்குச் சொந்தமானது என்பதால் நாம் எடுத்துவைக்க முடியாது. ஆய்வு முடியும் வரை அதைப் பாதுகாத்து வைக்குமாறு எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். வாரியத்திலிருந்து வந்த முதல் பதில் "அப்பகுதியில் மின்னல்" என்றுதான் இருந்தது. பணி எண்ணையும் படத்தையும் ஆறு அளவுகளையும் சேர்த்து மறுபடி எழுதிய பிறகு, அந்தச் சொல் அடுத்த கடிதத்தில் வரவில்லை.

அறிகுறி 2: போர்டில் ஊசி முனை அளவு துளைகள், நெட்வொர்க், தொலைபேசி வழிக் கருவிகளும் போயின

இது மின்னலின் சாயல். மின்னல் தரும் அழுத்தம் மிக உயர்ந்தது, ஆனால் மிகக் குறுகியது. அதனால் எதுவும் வெந்து கருகுவதற்கு நேரமிருக்காது. சிப்பின் மேற்பரப்பு தெறித்துப் போயிருக்கும், இரு தடங்களுக்கு இடையே மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கும், கெப்பாசிட்டர் பெரும்பாலும் உப்பாமல் இருக்கும். மின்சார வழி மட்டுமின்றி ரவுட்டர், தொலைபேசி, கேமராவின் நீண்ட கேபிள், இயந்திரத்துக்கும் கணினிக்கும் இடையேயான தொடர்புக் கேபிள் ஆகியவற்றின் நுழைவுகளும் சேர்ந்து போயிருக்கும்; எந்த ஃபேஸ் என்ற பாகுபாடு இருக்காது. சர்ஜ் அரெஸ்டர் இருந்தால் அதன் சாளரம் சிவப்பாகியிருக்க வாய்ப்பு அதிகம், என்றாலும் நியூட்ரல் அறுந்தபோதும் அது எரிந்துபோகலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

மின்னல்தான் என்று தெரிந்தால், அதை மறைக்காமல் எழுதுங்கள். இங்கே வழக்கமான தீக் காப்புறுதியில் தீயுடன் மின்னலும் சேர்ந்தே வருகிறது; ஆகவே காப்புறுதி நிறுவனத்திடம் அது உங்களுக்குச் சாதகமான காரணம். அந்த நேரத்து வானிலைப் பதிவை வானிலைத் துறையிடம் கோரிப் பெற்று இணைக்கலாம்.

அறிகுறி 3: மூன்று ஃபேஸ் மோட்டார் உறுமி நின்று புகைந்தது, ஒற்றை ஃபேஸ் கருவிகள் பல நன்றாக இருக்கின்றன

இது அழுத்தம் கூடியதால் வந்ததல்ல. ஒரு ஃபேஸ் இல்லாமல் போனதால் வந்தது. கட்-அவுட் ஃபியூஸ் ஒன்று போனாலோ, கம்பத்தில் ஒரு கம்பி அறுந்தாலோ, மோட்டார் மீதி இரு ஃபேஸ்களில் தொடர்ந்து சுழல முயன்று மிகையான மின்னோட்டத்தை இழுக்கும். மோட்டாரைச் சுற்றுபவரிடம் மூடியைத் திறந்ததும் படமெடுக்கச் சொல்லுங்கள். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இரண்டு ஃபேஸ்களின் சுருள்கள் கறுத்து, மூன்றாவது புதிதுபோல் பளபளக்கும்; டெல்டா இணைப்பில் ஒரு ஃபேஸின் சுருள் மட்டும் மற்ற இரண்டையும்விட மோசமாகக் கருகியிருக்கும். எல்லாச் சுருள்களும் சமமாகக் கறுத்திருந்தால், அது வெறும் மிகைப்பளுவாகவோ காற்றோட்டக் குறைவாகவோ இருக்கும். அதை மின் விநியோகத்தின் மீது சுமத்தினால் மதிப்பீட்டாளர் அங்கேயே பிடித்துவிடுவார். மிகைப்பளு ரிலே ஏன் துண்டிக்கவில்லை என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். அதன் சக்கரம் மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்குப் பொருத்தமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை, யாரும் திருப்பிவிடும் முன், படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: மின்தடை வந்து மின்சாரம் திரும்பியபோது டிரைவ் இறந்தது

மின்சாரம் சில நொடிகள் போய், வந்து, மீண்டும் போய் வரும்போது, டிரைவின் உள்ளே கெப்பாசிட்டருக்கு மின்னேற்றும் ரெசிஸ்டரோ, நேர்மின்னாக்கும் டயோடு தொகுதியோ திரும்பத் திரும்ப வரும் பாய்ச்சலில் போய்விடும். திரை உயிரோடு இருந்தால் பழைய பிழைக் குறிப்புகளைப் பார்த்துப் படமெடுங்கள். பல தயாரிப்புகளில் `UV` என்பது அழுத்தம் குறைந்ததையும் `OV` என்பது கூடியதையும் குறிக்கும். சரியான பொருளை அந்தந்த டிரைவின் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் `UV`, பிறகு அமைதி என்றால் கதை இந்த வகையைச் சேர்ந்தது.

அறிகுறி 5: அன்று பிழைத்தது, பிறகு இறந்தது

அழுத்த உயர்வுக்கு உள்ளான வேரிஸ்டரும் கெப்பாசிட்டரும் பாதி உயிரோடு சில வாரங்கள் ஓடிப் பின் நிற்பதுண்டு. பின்னர் கோரும்போது அது புதிய பழுதாகவே பார்க்கப்படும். ஆகவே பாதிக்கப்பட்ட ஃபேஸில் அன்று இணைந்திருந்த எல்லாக் கருவிகளையும், ஓடுபவை உட்பட, முதல் அறிக்கையிலேயே ஒரு பட்டியலாகக் குறிப்பிட்டு, "பாதிப்புக்கு உள்ளானவை, தற்போது இயங்குபவை" என்று எழுதிவிடுங்கள். இப்படிச் செய்வதால் அந்தத் தொகை கட்டாயம் கிடைத்துவிடாது. கோருவதற்கான வாசல் மட்டும் திறந்திருக்கும்.

இரு கடிதங்கள், ஒரே காரணம்

மேலே சொன்னவற்றிலிருந்து ஒரு சிக்கல் தெரிந்திருக்கும். மின்னல் என்று எழுதினால் காப்புறுதியில் எளிது, வாரியத்திடம் கதவு மூடும். நியூட்ரல் என்று எழுதினால் வாரியத்திடம் பேச இடமுண்டு, சாதாரணத் தீக் காப்புறுதியில் சிக்கல் வரும்; ஏனெனில் தீ பரவாமல், மின்சாரக் கோளாறால் ஒரு கருவி தானே கருகுவதைப் பல பத்திரங்கள் விலக்கி வைக்கின்றன. அதற்குத் தனி விரிவுப் பிரிவோ, இயந்திரப் பழுதுக் காப்புறுதியோ எடுத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் சிலர் வாரியத்துக்கு ஒரு காரணமும் காப்புறுதிக்கு வேறொரு காரணமும் எழுதுகிறார்கள். காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்த பிறகு, உங்கள் இடத்தில் நின்று வாரியத்திடம் அந்தத் தொகையைக் கோரும் உரிமை அதற்கு வருகிறது. அப்போது இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்து சேரும். காரணத்தை மாற்றி எழுதியவரின் கோரிக்கை அன்றே செல்லாததாகும், அதற்கு மேலும் ஆகலாம்.

நான் செய்தது, முதல் இரண்டு பக்கங்களை இருவருக்கும் ஒரே சொற்களில் எழுதியது. அவற்றில் நேர வரிசை, கருகியவை, பிழைத்தவை, ஒவ்வொன்றின் ஃபேஸ், ஆறு அளவுகள், அண்டைக் கடைகளின் கடிதங்கள் ஆகியவை மட்டும் இருந்தன. காரணத்தை வயர்மேனின் அறிக்கை சொன்னது; அதன் கீழே, "இந்தத் தடயங்கள் விநியோகப் பக்கத்து நியூட்ரல் துண்டிப்புடன் பொருந்துகின்றன" என்று ஒரு வாக்கியம் மட்டும் நான் சேர்த்தேன். யாருடைய அலட்சியம், எத்தனை முறை புகார் செய்தோம் என்பன போன்ற ஆதங்கங்களை வெளியே விட்டேன். அவை வேண்டுமானால் தனிக் கடிதத்தில் போகட்டும். அறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் போகும் என்பதால், ஃபேஸ் நிறங்களையும் இயந்திரப் பெயர்களையும் எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி எழுதுவது முக்கியம். ஓரிடத்தில் "நீலம்", மறுஇடத்தில் "எல்3" என்றிருந்தால் படிப்பவர் வேறு கம்பி என்று நினைத்துவிடுவார்.

அதன் பிறகு வாரியத்துக்கான இணைப்பில் கணக்கு எண், மீட்டர் எண், கம்பத்தின் எண், பழுது நீக்கிய பணியின் எண் ஆகியவை. காப்புறுதிக்கான இணைப்பில் ஒவ்வொரு இயந்திரத்தின் வாங்கிய ஆண்டு, விலைச்சீட்டு, பழுது பார்ப்பவர் எழுதித் தந்த மதிப்பீடு, பழுது நீக்க முடியாது என்றால் அதற்கான தொழில்நுட்பக் காரணம் ஆகியவை. பழைய போர்டு இப்போது தயாரிப்பில் இல்லை, மேம்பட்ட புதியதுதான் கிடைக்கும் என்றால், அந்த மேம்பாட்டின் அளவுக்குத் தொகை குறைக்கப்படும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறைப்பு பலரை அதிர வைப்பது. உதாரணமாக 2,00,000 ரிங்கிட் மதிப்புள்ள இயந்திரங்களை 1,20,000 ரிங்கிட்டுக்கு மட்டும் காப்புறுதி செய்திருந்தால், மதிப்பில் 60 சதவீதத்துக்கே காப்புறுதி உண்டு என்று கொள்ளப்படும். அப்போது 30,000 ரிங்கிட் இழப்புக்கு 18,000 ரிங்கிட்தான் கணக்காகும்; அதிலிருந்தும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை கழியும். ஆகவே கோரிக்கைத் தொகையை எழுதும்போது முழு இழப்பையும் எழுதுங்கள்; குறைப்பை அவர்கள் கணக்கிடட்டும். காப்புறுதி தராத அந்த மீதியும், உற்பத்தி நின்றதால் போன வருமானமும், வாரியத்துக்கான கோரிக்கையில் தனித்தனி வரிகளாக வர வேண்டும். காப்புறுதியிடம் பெற்ற அதே ரிங்கிட்டை வாரியத்திடமும் பெற முடியாது.

வாரியம் நல்லெண்ண அடிப்படையில் ஒரு தொகை தர முன்வந்து, "இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன" என்ற தாளில் கையொப்பம் கேட்டால், அந்தத் தாளைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வந்த பிறகே கையொப்பமிடுங்கள். முன்கூட்டியே கையொப்பமிட்டால், அவர்கள் வாரியத்திடம் கோரும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாகும். அதைக் காட்டி உங்கள் காப்புறுதிக் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். எங்கள் கோப்பில் அந்தத் தாள் இப்போது அவர்களின் பதிலுக்காகக் காத்திருக்கிறது.